“ஆர்டர் வரவில்லை” என்று ஒரு புகார்: ஐடி போவதற்கு முன் என்ன செய்யலாம்?

*வணக்கம் சார். இரண்டு வருடமாக டெலிவரி ரைடராக இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு கஸ்டமர், ஆர்டர் வந்து சேரவில்லை என்று புகார் போட்டுவிட்டார். நான் கொடுத்தேன் சார், சத்தியமாகக் கொடுத்தேன். அந்த ஆர்டரின் முழுத் தொகையையும் என் சம்பாத்தியத்தில் பிடித்துவிட்டார்கள். 4.8 இருந்த ரேட்டிங் 4.6 ஆகிவிட்டது. இன்னொரு புகார் வந்தால் ஐடி நிரந்தரமாக மூடப்படும் என்று எச்சரிக்கையும் வந்திருக்கிறது. சாட்டில் ஐந்து முறை எழுதினேன். ஐந்து முறையும் “முடிவு இறுதியானது” என்று ஒரே பதில். போன் நம்பர் கிடையாது, ஆபீஸ் கிடையாது. யாரிடம் போய்ச் சொல்வது?*

*– பெயர் வேண்டாம், ஒரு ரைடர்*

தம்பி, மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் போனை எடுத்து ஒரு வேலை செய்துவிடுங்கள். அந்த ஆர்டரின் விவரப் பக்கம், தொகை பிடித்ததைக் காட்டும் வருமானப் பக்கம், எச்சரிக்கைச் செய்தி, ரேட்டிங் பக்கம், ஐந்து சாட்களும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்கள் இமெயிலுக்கே அனுப்பிவிடுங்கள். திரையின் மேலே மணி தெரிய வேண்டும். ஆப்பில் இருக்கும் ஒப்பந்த விதிகளையும் தனியுரிமைக் கொள்கையையும் முழுதாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வக்கீல் நான். ஐடி பிளாக் ஆன பிறகுதான் பெரும்பாலான ரைடர்கள் என்னிடம் வருகிறார்கள். அப்போது லாகின் ஆகாது. ஆர்டர் வரலாறு, சாட், கணக்கு எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டுவிடும். “என்ன காரணம் போட்டிருந்தார்கள்?” என்று கேட்டால், “ஏதோ சிவப்பு எழுத்தில் வந்தது சார்” என்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு வரிகூட உறுதியாக எழுத முடியாது. உங்களுக்கு இன்னும் கதவு திறந்திருக்கிறது. அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். ரேட்டிங் குறைந்தது, பணம் பிடித்தது, எச்சரிக்கை வந்தது என்று மூன்றையும் ஒரே அடியாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய கணினியில் இவை மூன்று தனித்தனிக் கணக்குகளாகத்தான் பொதுவாக இருக்கும். ரேட்டிங் என்பது கஸ்டமர்கள் போட்ட நட்சத்திரங்களின் சராசரி. பிடித்தம் என்பது ஒரே ஒரு ஆர்டரின் மீது எடுத்த முடிவு. எச்சரிக்கை என்பது புகார்களை எண்ணிக்கொண்டே போகும் இன்னொரு கணக்கு. ஐடியை மூடும் ஆபத்து உங்களுக்கு இந்த மூன்றாவதிலிருந்துதான் வருகிறது. சாட்டில் மூன்றையும் சேர்த்துக் கேட்டால், பதில் எழுதுபவர் அவற்றில் எது சுலபமோ அதற்கு மட்டும் பதில் சொல்லி மூடிவிடுவார். பெரும்பாலும் ரேட்டிங்குக்குத்தான் பதில் வரும், ஏனென்றால் “கஸ்டமர் தரும் ரேட்டிங்கை நாங்கள் மாற்ற முடியாது” என்ற தயார் வாக்கியம் அவரிடம் இருக்கிறது.

அந்த ரேட்டிங்கிலேயே நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரே புகாரால் 4.8 எப்படி 4.6 ஆனது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆப் உங்கள் கடைசி 100 ரேட்டிங்குகளை எடுத்துக்கொள்கிறது என்று வைப்போம். சராசரி 4.8 என்றால் மொத்தம் 480 நட்சத்திரம். ஒரு 5 போய் அந்த இடத்தில் ஒரு 1 வந்தால் மொத்தம் 476, சராசரி 4.76. திரையில் அது 4.8 என்றே தெரியும். திரையில் 4.6 என்று தெரிய வேண்டுமானால் இப்படி நான்கு 1 நட்சத்திரங்களாவது வந்திருக்க வேண்டும். அதுவே கடைசி 20 ரேட்டிங் மட்டும் எண்ணப்படுகிறது என்றால், 96 நட்சத்திரம் 92 ஆகும், சராசரி சரியாக 4.6.

ஆகவே இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. உங்கள் ஆப் குறைந்த எண்ணிக்கையில் ரேட்டிங்குகளை எண்ணுகிறது, அல்லது உங்களுக்குத் தெரியாமல் வேறு சில மோசமான ரேட்டிங்குகளும் அதே சமயத்தில் விழுந்திருக்கின்றன. பெரும்பாலான கஸ்டமர்கள் நட்சத்திரமே போடுவதில்லை என்பதால், “கடைசி 30 நாள்” என்று எண்ணும் ஆப்பில் நிறைய ஆர்டர் ஓட்டுபவருக்குக்கூட இருபது முப்பது ரேட்டிங்தான் தேறும். எத்தனை ரேட்டிங் எண்ணப்படுகிறது என்பது உதவிப் பக்கத்திலோ விதிகளிலோ இருக்கும், தேடிப் பாருங்கள். முதல் வகை என்றால் அந்த 1 நட்சத்திரம் சில வாரத்தில் தானாகவே கணக்கிலிருந்து வெளியேறிவிடும், அதற்காகச் சண்டை போட வேண்டாம். இரண்டாவது வகை என்றால் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப நடக்கிறது. கடை தாமதம், தவறான முகவரி, சில ஆர்டர்களில் பொருள் விடுபடுவது என்று எதுவாகவும் இருக்கலாம். கடைத் தாமதத்துக்கு வந்த ரேட்டிங்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று சில ஆப்கள் விதியிலேயே எழுதியிருக்கும். உங்களுடையதில் அப்படி இருந்தால் அந்த ஆர்டர்களைக் குறிப்பிட்டு நீக்கச் சொல்லலாம்.

ரேட்டிங்கை இத்தோடு விடுவோம். உங்கள் சண்டை அந்த ஒரு ஆர்டரின் மீதுதான்.

நீங்கள் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். ஆப்புக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தீர்களா? அதற்குத் தெரிந்தது சில புள்ளிகளும் சில மணிகளும் மட்டும்தான். கடையில் எடுத்த நேரம், வழியில் போன் அனுப்பிய லொகேஷன், “டெலிவரி ஆனது” என்று நீங்கள் தொட்ட நேரம், தொட்டபோது போன் இருந்த இடம், கஸ்டமருக்குக் கால் போனதா, படம் எடுத்தீர்களா. கஸ்டமர் “வரவில்லை” என்றதும் இந்தச் சில விஷயங்களைத்தான் சரிபார்க்கிறார்கள். பல சமயம் மனிதக் கண் படாமலே அது நடந்துவிடுகிறது. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு உங்கள் பக்கம் விழுகிறது.

என்னிடம் வந்த ஒரு ரைடரின் கதையைச் சொன்னால் இது புரியும். அவருக்கும் இதே புகார், இதே பிடித்தம், இதே எச்சரிக்கை. மாலை 7:42க்கு ஒரு பெரிய அடுக்குமாடி வளாகத்தின் வாசலுக்குப் போயிருக்கிறார். பைக்கை உள்ளே விட மாட்டோம் என்று காவலாளி சொல்லிவிட்டார். வாசலில் நின்றே கஸ்டமருக்குக் கால் போட்டார், 38 விநாடி பேசினார், “மேலே கொண்டு வாங்க” என்றார்கள். வாசல் நோட்டில் பேரும் நேரமும் எழுதிவிட்டு உள்ளே நடந்தார். ஒன்பதாவது மாடி. ஒரு பையன் கதவைத் திறந்து பையை வாங்கிக்கொண்டான். லிஃப்டுக்குக் காத்திருந்து, கீழே வந்து, பைக்கை அடைந்தபோது 7:53. 7:54க்கு “டெலிவரி ஆனது” என்று தொட்டார்.

இதில் எங்கே தப்பு நடந்தது? “மேலே போகும்போது போன் எங்கே இருந்தது?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “வண்டி ஸ்டாண்டிலேயே மாட்டியிருந்தது சார். சார்ஜர் குத்தியிருந்தேன், காவலாளி இருந்தார், யாரும் எடுக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.”

அவர் ஒன்பது மாடி ஏறி இறங்கினார், போன் வாசலைத் தாண்டவில்லை. ஆப் பார்த்தது இதைத்தான்: ரைடர் வாசலில் 12 நிமிடம் நின்றான், கதவுக்குப் போகவே இல்லை, நின்ற இடத்திலேயே “டெலிவரி ஆனது” என்று போட்டான். கஸ்டமர் குறித்த இடத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் 180 மீட்டர். திருடிக்கொண்டு போகிற ஆளின் தடமும் இப்படியேதான் இருக்கும்.

கஸ்டமரும் பொய் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆர்டர் போட்டவர் வீட்டில் இல்லை. வாங்கிய பையன் யாரிடமும் சொல்லவில்லை. கஸ்டமரைத் திருடன் என்று திட்டிச் சாட்டில் எழுதியிருந்தால் அது வீண் மட்டுமல்ல, அந்த ரைடருக்கே எதிராகத் திரும்பியிருக்கும். உங்கள் மனதிலும் அந்தக் கோபம் இருக்கும், நியாயம்தான். ஆனால் கடிதத்தில் அது வேண்டாம்.

போனை ஸ்டாண்டில் விடுவது ஒரு காரணம். இதேபோல் இன்னும் சில உண்டு. திறந்த வெளியில் போனின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாக இருக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பல பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். பேட்டரி சேமிப்பு போட்டிருந்தால், திரை அணைந்ததும் ஆப்புக்கு லொகேஷன் போவது நின்றுவிடலாம். லிஃப்டிலோ அடித்தளத்திலோ நெட் போய்விட்டால் நீங்கள் தொட்டது உடனே போகாது, வெளியே வந்து நெட் கிடைத்த பிறகுதான் போகும். அப்போது பதிவாகும் இடம் தெருவாக இருக்கும். கஸ்டமரே மேப்பில் பின்னைத் தவறான இடத்தில் வைத்திருப்பதும் உண்டு. அப்போது நீங்கள் சரியான கதவில் நின்றிருந்தாலும் ஆப்புக்கு நீங்கள் தவறான இடத்தில் இருப்பதாகத்தான் தெரியும். உங்கள் ஆர்டரில் இவற்றில் எது நடந்தது என்று நிதானமாக நினைத்துப் பாருங்கள். அன்று பேட்டரி எவ்வளவு இருந்தது, போன் கையிலா ஸ்டாண்டிலா, எங்கே நின்று தொட்டீர்கள் என்று அந்தப் பத்து நிமிடத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

மூன்று வாரம் ஆகிவிட்டது, இனி ஆதாரம் எங்கே என்று கேட்பீர்கள். இன்னும் கிடைக்கக்கூடியவை இருக்கின்றன. கஸ்டமருக்குப் போட்ட கால் முதலாவது. ஆப் வழியாகப் போனாலும் பல ஆப்களில் அது ஒரு மறைப்பு எண்ணுக்குச் சாதாரணக் காலாகத்தான் போகும். போனின் கால் பட்டியலில் தேதி, நேரம், பேசிய விநாடி எல்லாம் இருக்கும். பட்டியலில் அழிந்திருந்தால் சிம் நிறுவனத்தின் விவரப் பில்லைக் கேட்டுப் பாருங்கள். கூகுள் மேப்ஸில் டைம்லைன் போட்டிருந்தால் அன்றைய உங்கள் பாதை அதில் இருக்கும். இப்போது அது போனிலேயே சேமிக்கப்படுகிறது, தானாக அழியும் அமைப்பு வழக்கமாக மூன்று மாதத்தில் இருக்கும், உடனே பார்த்துப் படமெடுங்கள். அடுத்த ஆர்டரை எத்தனை மணிக்கு எந்தக் கடையில் எடுத்தீர்கள் என்பது உங்கள் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். அது ஏன் வேண்டும் என்றால், கதவுவரை போய்விட்டு வந்தால் ஆகிற நேரமும் உங்கள் அடுத்த பிக்கப் நேரமும் பொருந்துகிறது என்று காட்ட. வாசல் நோட்டு இருந்த இடம் என்றால் காவலாளியிடம் அந்தப் பக்கத்தைப் படமெடுக்க அனுமதி கேளுங்கள். உங்கள் வரி மட்டும் போதும், மற்றவர் பெயர்களை மறைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன ரைடருக்குக் கைகொடுத்தது அந்த வாசல் நோட்டுதான். ஆப்பின் புள்ளி அவர் வாசலில் நின்றார் என்றது. நோட்டு அவர் வாசலைத் தாண்டி உள்ளே போனார் என்றது, வீட்டு எண்ணோடும் நேரத்தோடும்.

இனி எழுதுவது. சாட்டில் எழுதியதைப் படித்துப் பார்த்தால், “இரண்டு வருடம் உழைத்தேன், குடும்பம் இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள்” என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு வரும் எல்லாச் சாட்களும் அப்படித்தான் இருக்கின்றன. அந்த வார்த்தைகள் உண்மை, அதில் எந்த வெட்கமும் இல்லை. ஆனால் எதிரில் இருப்பவரால் அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அப்படி ஒரு உதவிப் பிரிவில் வேலை பார்த்தவர் ஒருமுறை என்னிடம் விளக்கினார். ஒரே நேரத்தில் அவர் முன்னே பல சாட்கள் திறந்திருக்கும். ஒரு பிடித்தத்தைத் திரும்பக் கொடுக்க அவர் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். லொகேஷன் தவறு, ஆதாரப் படம் உள்ளது, கால் பதிவு உள்ளது என்பது போன்ற காரணங்கள். ரைடர் நல்லவர் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அவர் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒன்றை நீங்கள் கையில் கொடுத்தால்தான் அவரால் அசைய முடியும், அல்லது மேலே அனுப்ப முடியும்.

அதனால் இப்படி எழுதுங்கள். புதிய டிக்கெட் திறக்காமல், ஏற்கெனவே உள்ள கடைசி டிக்கெட்டிலேயே எழுதுங்கள். ஒரே விஷயத்துக்குப் பல டிக்கெட் போட்டால் நகல் என்று மூடிவிடச் சாத்தியம் அதிகம்.

“ஆர்டர் எண் இது, தேதி இது. இந்த ஒரு ஆர்டரின் மீது எடுத்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன். 7:42க்கு வாசலை அடைந்தேன். 7:43க்கு ஆப் வழியாகக் கஸ்டமரிடம் 38 விநாடி பேசினேன், கால் பட்டியலின் படம் இணைப்பு 1. 7:44க்கு வாசல் பதிவேட்டில் கையெழுத்திட்டேன், இணைப்பு 2. வீட்டுக் கதவில் பொருளைக் கொடுத்தேன். வாகனம் அனுமதிக்கப்படாததால் போன் வாகனத்தில் இருந்தது. ஆகவே பதிவான லொகேஷன் வாசலைக் காட்டும். மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இந்தப் பிடித்தம் எந்த விதியின் கீழ் செய்யப்பட்டது? எந்தத் தகவலை வைத்து டெலிவரி நடக்கவில்லை என்று முடிவு செய்யப்பட்டது? இந்த முடிவை ஒரு மனிதர் பார்த்தாரா, எந்தத் தேதியில்? பிடித்த தொகையைத் திருப்பித் தரவும், இந்த ஆர்டரால் என் கணக்கில் ஏறிய எச்சரிக்கையைத் தனியாக நீக்கவும் கோருகிறேன்.”

இவ்வளவுதான். ஒரு திரையில் படித்து முடிக்கிற அளவு. நேரங்களும் இடமும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாத நேரத்தை எழுத வேண்டாம். ஒரு நிமிடம் தப்பாக இருந்து அவர்களின் பதிவோடு மோதினால் மற்ற எல்லாமும் பொய்யாகிவிடும். நினைவில் இல்லாததை “சுமார்” என்று எழுதுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

அந்த மூன்று கேள்விகளை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் கடிதத்தின் உயிர் அவைதான். “முடிவு இறுதியானது” என்பது எந்த வேண்டுகோளுக்கும் பொருந்தும் பதில். “எந்த விதி, எந்தத் தகவல், எந்த மனிதர்” என்று கேட்டால் அந்தப் பதில் பொருந்தாது. பொருந்தாத பதிலையே மறுபடி அனுப்பினால், கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதற்கு அதுவே உங்கள் கையில் எழுத்து ஆதாரமாகிவிடும். பதில் வந்தால், அடுத்த கடிதத்தில் எதை உடைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். நம் ரைடருக்கு முதல் கடிதத்துக்கு வந்தது “லொகேஷன் பொருந்தவில்லை” என்ற இரண்டு வார்த்தைதான். அதுவரை நாங்களும் அது கஸ்டமரின் புகார் மட்டும் என்றே நினைத்திருந்தோம், போன் ஸ்டாண்டைப் பற்றி நான் கேட்டதே அந்தப் பதிலைப் பார்த்த பிறகுதான். இரண்டாவது கடிதம் போய் 11ஆம் நாள் பணம் திரும்பி வந்தது. எச்சரிக்கை அப்படியே இருந்தது. அதைத் தனியாகக் கேட்டு இன்னொரு முறை எழுதிய பிறகுதான் நீங்கியது. 1 நட்சத்திரத்தை எடுக்கவே இல்லை.

சாட் ஒரு வாரத்தில் அசையவில்லை என்றால், அதே கடிதத்தை இமெயிலில் அனுப்புங்கள். எந்த முகவரிக்கு என்பது நீங்கள் சேமித்து வைத்த இரண்டு ஆவணங்களில் இருக்கும். ஒப்பந்த விதிகளின் கடைசிப் பகுதியில் “தகராறு” அல்லது “அறிவிப்பு” என்ற தலைப்பின் கீழ் ஒரு முகவரி இருக்கும். தனியுரிமைக் கொள்கையில் குறைதீர்ப்பு அதிகாரி அல்லது தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரின் இமெயில் இருக்கும். அந்த இமெயிலைப் பார்ப்பது சாட்டில் பதில் சொல்லும் குழு அல்ல, பெரும்பாலும் சட்டப் பிரிவு. அங்கே கேட்க வேண்டியது “என் ஐடியைக் காப்பாற்றுங்கள்” என்பதல்ல. “இந்த ஆர்டர் தொடர்பாக என்னைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களின் நகலைத் தாருங்கள்: லொகேஷன் பதிவு, கால் பதிவு நேரங்கள், புகாரின் தேதி, என் கணக்கில் உள்ள குறிப்புகள்” என்பது. தரவுச் சட்டம் உள்ள நாடுகளில் இப்படிக் கேட்க உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டத்தில் பதிலுக்கு ஒரு மாதம் கெடு.

இந்த வழியில் போய் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனையும் போர்ச்சுகலையும் சேர்ந்த சில ஓட்டுநர்களின் கணக்கை மோசடி என்று சொல்லி ஊபர் மூடியது. கணினி மட்டும் முடிவு செய்யவில்லை, எங்கள் ஊழியர்களும் பார்த்தார்கள் என்பது நிறுவனத்தின் வாதம். 2021இல் கீழ் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த ஊழியர்களின் பங்கு வெறும் அடையாளத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லி, ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. “மனிதர் பார்த்தாரா, எப்போது?” என்று உங்களைக் கேட்கச் சொன்னேனே, அந்தக் கேள்விக்கு இவ்வளவு கனம் உண்டு.

ரேட்டிங் கணக்கின் மீதே தீர்ப்பு வந்ததும் உண்டு. இத்தாலியில் போலோன்யா நீதிமன்றம் 2020 டிசம்பர் 31 அன்று டெலிவரூ நிறுவனத்தின் ரைடர் மதிப்பெண் முறையைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. ஷிஃப்டு தொடங்க 24 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது அதை ரத்து செய்தால் ரைடரின் மதிப்பெண் குறையும். உடம்பு சரியில்லாமல் வராதவருக்கும் சும்மா வராதவருக்கும் ஒரே வெட்டு. காரணத்தைப் பார்க்காத அந்த முறை பாகுபாடு என்றது நீதிமன்றம். உங்கள் விஷயத்திலும் நடந்தது அதுதானே. உங்களிடம் என்ன நடந்தது என்றோ, நான் சொன்ன ரைடரின் போன் ஏன் வாசலில் இருந்தது என்றோ யாரும் கேட்கவில்லை.

இப்போது சில இடங்களில் முறையீட்டுக்கே சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2025 ஜனவரி முதல், கடுமையான குற்றம் தவிர மற்றவற்றில், கணக்கை மூட 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2025 பிப்ரவரி 26 முதல், நியாயமில்லாமல் மூடப்பட்டால் அந்நாட்டின் வேலைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 21 நாளுக்குள் மனு போட வேண்டும். இந்தியாவில் கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் காரணமும் 14 நாள் அறிவிப்பும் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு உத்தரவு, கணக்கை முடக்கும் முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும் என்கிறது. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்க 2026 டிசம்பர் 2 வரை நேரம். நீங்கள் இருக்கும் இடத்தில் இப்படி ஒன்று உண்டா என்று அங்குள்ள ரைடர் சங்கத்திலோ தொழிலாளர் துறையிலோ கேளுங்கள். கெடு நாட்கள் சிறியவை என்பதால் ஐடி மூடிய பிறகு கேட்கப் போகாதீர்கள், இப்போதே கேட்டு வையுங்கள்.

சங்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அந்த முகவரியில் வேறு ரைடர்களுக்கும் இதே புகார் வந்ததா என்று உங்கள் குழுவில் விசாரியுங்கள். கஸ்டமரின் பெயரையோ எண்ணையோ போட வேண்டாம், கட்டடத்தை மட்டும் சொன்னால் போதும். மூன்று பேருக்கு ஒரே கட்டடத்தில் லொகேஷன் பொருந்தவில்லை என்றால் குற்றம் ரைடரிடம் இல்லை, மேப்பில் இருக்கிறது. மூவரும் ஆர்டர் எண்களோடு சேர்ந்து எழுதினால் ஒருவரின் கடிதத்தைவிட அது வேகமாக மேலே போகும்.

செய்யவே கூடாதவை இரண்டு. அந்தக் கஸ்டமர் வீட்டுக்குத் திரும்பப் போகாதீர்கள், வேறு எண்ணிலிருந்து கூப்பிடாதீர்கள். நியாயம் கேட்கத்தான் போவீர்கள், ஆனால் தொந்தரவு என்று ஒரு புகார் போனால், அதன்பின் எந்த ஆதாரமும் உங்களைக் காப்பாற்றாது. இரண்டாவது, ஐடி போய்விட்டால் நண்பரின் ஐடியில் ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். முகச் சரிபார்ப்பில் மாட்டினால் இரண்டு பேருக்கும் போய்விடும். முறையீட்டில் இருக்கும் உங்கள் வழக்கும் அத்தோடு செத்துவிடும்.

இந்த எச்சரிக்கை நீங்கும் வரை ஒவ்வொரு ஆர்டரிலும் போன் உங்கள் கையோடு கதவுவரை வர வேண்டும். பேட்டரி சேமிப்பிலிருந்து ஆப்புக்கு விலக்குக் கொடுத்துவிடுங்கள். கதவில் நின்றே “டெலிவரி ஆனது” என்று தொடுங்கள், நெட் இல்லையென்றால் சுற்றும் வளையம் முடியும்வரை அங்கேயே நில்லுங்கள். ஆப் கேட்காவிட்டாலும் உங்கள் சொந்தக் கேமராவில் ஒரு படம், பொருளும் கதவு எண்ணும் சேர்ந்து, யார் முகமும் இல்லாமல். அந்த மூலப் படத்தை அழிக்காதீர்கள். மெசேஜில் அனுப்பிய நகலில் எடுத்த நேரமும் இடமும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும், மூலத்தில்தான் இருக்கும். மேப்பில் கஸ்டமர் வைத்த பின் தவறான இடத்தில் இருந்தால், பொருளைக் கொடுக்கும் முன்பே சாட்டில் “பின் தவறு, கஸ்டமர் சொன்ன கதவு இது” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். ஆர்டருக்கு ஒரு நிமிடம் கூடுதலாகும். உங்களுக்கு அந்த ஒரு நிமிடமும் காசு என்று எனக்குத் தெரியும்.

பதிலுக்கு என்ன வந்தாலும், இரண்டே வார்த்தையாக இருந்தாலும், அதை அப்படியே படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். இரண்டாவது கடிதத்தைச் சேர்ந்து எழுதலாம்.